ஒரே ஆளை நானும் என் தோழியும் விரும்பினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"நானும் என் உயிர்த்தோழியும் ஒரே ஆளை விரும்புகிறோம். இப்படி ஆனது என் தப்பா?"

இல்லை. திருப்பூரில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதியில் நான் காப்பாளராக இருந்தேன். இப்போது கோவையில் ஒரு கல்லூரி விடுதியில் இருக்கிறேன். இரண்டு இடத்திலும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் யாராவது ஒருத்தி என் அறை வாசலில் வந்து நிற்பாள். பாதி நாள் பேச்சு இதைப் பற்றித்தான் இருக்கும். கல்லூரிக்கு வந்த பிறகு பையன்களும் கேட்கிறார்கள். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறாததால் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

நெருங்கிய தோழிகளுக்கு இப்படி நேர்வதில் வியப்பே இல்லை. இருவரும் ஒரே கம்பெனி வேனில் போகிறீர்கள், ஒரே கேன்டீனில் டீ குடிக்கிறீர்கள். பழகக் கிடைக்கும் ஆண்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். போதாததற்கு, எது நல்ல குணம், எது கெட்ட குணம் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து இருப்பதால்தான் தோழிகளே ஆனீர்கள். பிடித்துப்போவது உங்கள் கையில் இல்லை. அதற்குப் பிறகு எதை மறைக்கிறீர்கள், எதைச் சொல்கிறீர்கள் என்பதுதான் உங்கள் பொறுப்பு.

"அவள் தினமும் அவரைப் பற்றியே பேசுவாள். கேட்டுக் கேட்டு எனக்கும் பிடித்துவிட்டதோ என்று சந்தேகமாக இருக்கிறது. எப்படித் தெரிந்துகொள்வது?"

நல்ல சந்தேகம். பலர் இதைக் கேட்டுக்கொள்வதே இல்லை. அவரிடம் உங்களுக்குப் பிடித்தவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு வரியிலும் இதை நான் நேரில் பார்த்தேனா, அவள் சொல்லித் தெரிந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். "அம்மாவிடம் பாசமாக இருப்பார்" என்பது அவள் சொன்னது. "வேனில் வயதானவர் ஏறியபோது யாரும் சொல்லாமலே எழுந்து இடம் கொடுத்தார்" என்பது நீங்கள் பார்த்தது. பெரும்பாலான வரிகள் அவள் சொன்னவையாக இருந்தால், உங்களுக்குப் பிடித்திருப்பது அவள் சொல்லும் கதை. அவரை இன்னும் நீங்கள் அறியவில்லை. சில வாரங்கள் அந்தப் பேச்சு வராமல் பார்த்துக்கொண்டால் அது தானாக அடங்கிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

அப்படியும் அடங்கவில்லை என்றால் மேலே படியுங்கள்.

"முதலில் யாரிடம் சொல்வது, தோழியிடமா, அவரிடமா?"

அவளுக்கும் அவர்மேல் விருப்பம் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், முதலில் தோழியிடம். அனுமதி கேட்பதற்காக இல்லை. அனுமதி கொடுக்க அவளுக்கும் உரிமை கிடையாது. அவள் தன் மனதைத் திறந்து உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும் ஒவ்வொரு நாளும், அவள் நம்பிக்கையை வேறு எதற்கோ பயன்படுத்துகிறீர்கள். பின்னாளில் தெரியவரும்போது, "அவரை நீயும் விரும்பினாயே" என்று யாரும் என்னிடம் வந்து அழுததில்லை. "நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தாளே" என்றுதான் அழுதிருக்கிறார்கள்.

அவளுடைய விருப்பம் உங்களுக்குத் தெரியாது, வெறும் ஊகம் மட்டும்தான் என்றால், அவளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம். உங்கள் மனதை மட்டும் சொல்லுங்கள். அவளுக்கும் இருந்தால் அவளே சொல்வாள்.

"சரி, சொல்லிவிடுகிறேன். ஆனால் எப்படி ஆரம்பிப்பது? வாயே வரவில்லை."

திருப்பூரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி ஊரையும் பிரிவையும் மாற்றியிருக்கிறேன். அந்தியூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, தாராபுரத்துப் பெண் ஒருத்தி. பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் எதிரெதிரே நின்று வேலை. துணியில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் கண்ணில் பட்டால் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட வேண்டும். கட்டிங் பிரிவில் இருந்த ஒருவர்மேல் இருவருக்கும் விருப்பம். இளையவள் அக்காவிடம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். மூத்தவள் சொல்லவில்லை. அவள் ஒட்ட வேண்டிய ஸ்டிக்கர்கள் விட்டுப்போகத் தொடங்கின. சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கிவிட்டு என்னிடம் வந்தாள்.

நான் அவளிடம் சொன்னது இதுதான்: "கண்ணு, சனிக்கிழமை ராத்திரி வேண்டாம், சம்பளம் வாங்கிய களைப்பில் இருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துவிட்டு மொட்டைமாடியில் காயப்போடுகிறீர்களே, அப்போது சொல். கைக்கு வேலை இருக்கும், முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை." அவள் சொன்னதாக என்னிடம் திரும்பச் சொன்ன வார்த்தைகள்: "உன்னிடம் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறேன். எனக்கும் அவரைப் பிடித்திருக்கிறது. நீ ஒதுங்க வேண்டும் என்று கேட்க வரவில்லை. நீ பேசும்போது தெரியாததுபோல் நிற்க என்னால் முடியவில்லை." அவ்வளவுதான். பிறகு மூத்தவள் வாயை மூடிக்கொண்டு ஈரத்துணியைப் பிழிந்தாள். இளையவள் ஒன்றும் சொல்லாமல் வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வேனில் வழக்கமான இருக்கையில் வந்து உட்கார்ந்து, "எப்போதிலிருந்து?" என்று மட்டும் கேட்டாள்.

இதில் கவனிக்க வேண்டியது, மூத்தவள் அந்த இரண்டு நாளும் துரத்திப் போய்ச் சமாதானம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அதிர்ச்சியிலிருந்து மீள வேண்டியவளே இவளைத் தேற்ற வேண்டியதாகியிருக்கும். இன்னொன்று: வாட்ஸ்அப்பில் சொல்லவே சொல்லாதீர்கள். எழுதியது அப்படியே இன்னொரு கைக்குப் போகும். உங்கள் குரலில் இருந்த தயக்கம் அதில் இருக்காது.

"நான்தான் அவரை முதலில் பார்த்தேன். அவளுக்கும் அது தெரியும். அப்படியானால் எனக்குத்தானே உரிமை?"

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல் மனிதரைப் பிடித்து வைக்க முடியாது. அவருக்கு ஒரு மனம் இருக்கிறது. அதில் யார் என்பதை அவர் சொல்ல வேண்டும். முதலில் பார்த்ததனால் உங்களுக்குக் கிடைப்பது ஒன்றே ஒன்று: உங்களிடம் மறைக்காமல் இருக்க வேண்டிய கடமை தோழிக்கு உண்டு.

"எனக்கு நட்புதான் பெரிது. நான் விட்டுக்கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா?"

இந்த யோசனையைத்தான் என்னிடம் அதிகம் பேர் பெருமையோடு சொல்லியிருக்கிறார்கள். அதிகமாக முறிந்ததும் இதனால்தான். உங்களிடம் இல்லாத ஒன்றை நீங்கள் கொடுக்க முடியாது. அவர் உங்களை விரும்புகிறாரா என்பதே தெரியாத நிலையில் "அவரை உனக்குக் கொடுத்துவிட்டேன்" என்றால், அதில் அவரையும் அவமதிக்கிறீர்கள், தோழியையும் கடனாளி ஆக்குகிறீர்கள். அவள் கேட்காத கடன் அது. ஒரு வருடம் கழித்து ஏதோ ஒரு சண்டையில், "உனக்காக நான் என்னவெல்லாம் விட்டேன்" என்று உங்கள் வாயிலிருந்து வந்தே தீரும்.

ஒதுங்கிக்கொள்வது வேறு. "யோசித்துப் பார்த்தேன், இந்த விருப்பத்தைவிட எனக்கு மன நிம்மதி வேண்டும், என் படிப்பு வேண்டும்" என்று உங்களுக்காக ஒதுங்கினால் அது நிலைக்கும். இரண்டில் எது உங்களுடையது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நீங்கள் ஒதுங்கியது யாருக்குமே தெரியாமல் போனால் உங்களுக்குச் சம்மதமா? அவளுக்குக்கூடத் தெரிய வேண்டாம் என்று மனம் ஒப்புக்கொண்டால் ஒதுங்குங்கள். யாராவது ஒருவர் அறிந்து பாராட்ட வேண்டும் என்று தோன்றினால், நீங்கள் இன்னும் ஒதுங்கவில்லை.

"இருவருமே அவரை மறந்துவிடுவதாக மாரியம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்திருக்கிறோம். ஆனாலும் எனக்கு நினைவு போகவில்லை. சத்தியத்தை மீறுகிறேனா?"

நினைப்பது மீறலாகாது. நினைக்காமல் இருப்பதாக யாராலும் சத்தியம் செய்ய முடியாது. உங்கள் நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்தச் சத்தியம் நடைமுறையில் இருவரையும் காவல்காரர் ஆக்கிவிடுகிறது. அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாளா, போனில் அவர் பெயர் வந்ததா என்று கண் அதிலேயே இருக்கும்.

நினைவு போகாததற்குக் காரணம் இருக்கிறது. இப்படி ஒருவரையே எண்ணிக் கிறங்கும் நிலையை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் டோரதி டென்னாவ், நிச்சயமின்மைதான் அதற்குத் தீனி என்றார். கிடைக்குமோ, கிடைக்காதோ என்ற ஊசலாட்டம் இருக்கும்வரை அது எரியும். பெரும்பாலும் ஒன்றரை ஆண்டிலிருந்து மூன்று ஆண்டுவரை நீடிக்கும் என்பது அவர் கணிப்பு. இருவரும் வாயைக் கட்டிக்கொள்ளும் சத்தியம் அந்த ஊசலாட்டத்தைத்தான் நீட்டிக்கிறது. தெளிவான "இல்லை" வலிக்கும். ஆனால் ஊசலாட்டத்துக்கு ஒரு முடிவு கிடைக்கும்.

ஆகவே தோழியிடம் போய், "நாம் செய்த சத்தியம் இருவரையும் வதைக்கிறது, சேர்ந்தே விலக்கிக்கொள்வோம்" என்று கேளுங்கள். அதற்குப் பதிலாக உங்களால் காப்பாற்ற முடிந்த ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்: அவரிடம் பேசப் போகும் முன் மற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது.

"அப்படியானால் அவரிடம் இருவரும் சேர்ந்து போய்க் கேட்டுவிடலாமா? யாரை என்று அவரே சொல்லட்டும்."

வேண்டாம். எதிரில் இரண்டு பேர் நின்றால் அவர் மனதில் உள்ளதைச் சொல்ல மாட்டார். தப்பிப்பதற்கு எதையாவது சொல்வார். இருவரையும் பிடிக்கவில்லை என்று சொல்ல அவருக்கு இடமே இருக்காது. யாருக்கு முதலில் துணிவு வருகிறதோ அவர் தனியாக, தன்னைப் பற்றி மட்டும் பேசட்டும். தோழியின் விருப்பத்தை அவரிடம் போட்டு உடைக்காதீர்கள். அது அவள் சொல்ல வேண்டிய செய்தி.

தூது அனுப்புவதும் கூடாது. "நீ எனக்காகப் போய்ப் பேசு" என்று அந்தத் தோழியையே அனுப்பியவர்கள் உண்டு. அவள் எப்படிப் பேசினாலும் சந்தேகம் அவள்மேல்தான் விழும்.

"அவர் என் தோழிக்கு மாமன் மகன். முறைப் பையன் என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறார்கள். நான் நினைப்பதே தப்பு என்கிறார்கள்."

பேசி வைத்தது பெரியவர்கள். தோழி என்ன நினைக்கிறாள் என்று கேட்டீர்களா? நம் பக்கம் குழந்தையாக இருக்கும்போதே, "உன் மாமன் மகன்தான் உனக்கு" என்று அம்மிச்சியும் அப்புச்சியும் சொல்லிச் சொல்லி வளர்ப்பார்கள். அதைக் கேட்டு வளர்ந்தவளுக்கு அவரைப் பிடித்தும் இருக்கலாம், தப்பிக்க வழி தேடிக்கொண்டும் இருக்கலாம். முன்னது என்றால் மேலே சொன்ன மாடிப் பேச்சுதான் உங்களுக்கும். பின்னது என்றால், அவள் தன் வீட்டில் தானே மறுத்துப் பேசி முடிக்கும்வரை நீங்கள் பொறுங்கள். அதற்குள் நீங்கள் நுழைந்தால், அவள் மறுத்ததற்கும் நீங்கள்தான் காரணம் என்று இரண்டு குடும்பமும் பேசும்.

"அந்தப் பெண் என்னிடம் 'இல்லை' என்றுவிட்டாள். என் நண்பனுக்கும் அவளைப் பிடிக்கும். 'விடாதே மாப்பிள்ளை, திரும்பத் திரும்பக் கேட்டால் மனம் மாறும்' என்கிறான். கேட்கலாமா?"

கூடாது, தம்பி. ஒரு முறை கேட்டீர்கள், பதில் வந்துவிட்டது. விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்ன பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும், தொடர்புகொள்ள முயல்வதும், அவளுடைய இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு அது. முதல் முறை நிரூபணமானாலே மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. சட்டத்தை விடுங்கள். ஒரு நண்பன் காலையில் பஸ் நிறுத்தத்திலும் இன்னொருவன் மாலையில் கல்லூரி வாசலிலும் நின்றால், அவளுக்கு அது இரண்டு விருப்பமாகத் தெரியாது. இருவர் சேர்ந்து வழி மறிப்பதாகத்தான் தெரியும்.

உங்கள் நண்பன் தன் விருப்பத்தை அவளிடம் சொல்லலாமா என்றால், ஒரு முறை சொல்லலாம். உங்களுக்குக் கிடைத்த மறுப்பு அவனுக்கும் சேர்த்து இல்லை. அவனுக்குச் சம்மதம் கிடைத்தால் அவன் உங்களை ஏமாற்றியதாகவும் ஆகாது.

"அவர் என்னைத்தான் விரும்புகிறார் என்று சொல்லிவிட்டார். இதை அவளிடம் எப்படிச் சொல்வது?"

அன்றே, நீங்களே. கேன்டீனில் யாரோ சொல்லி அவளுக்குத் தெரியக் கூடாது. "அவரிடம் பேசினேன். அவருக்கும் என்னைப் பிடித்திருக்கிறதாம். உனக்கு முதலில் தெரிய வேண்டும் என்று வந்தேன்." இதற்குமேல் அவர் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்று விவரிக்காதீர்கள். அவள் கேட்டாலும் சுருக்கமாகச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டால், "பரவாயில்லை" என்று சொல்லும் பாரமும் அவள்மேல் விழுகிறது.

"அவர் அவளைத் தேர்ந்துகொண்டார். ஒரே அறை, பக்கத்துக் கட்டில். நான் எப்படி இருப்பது?"

கொஞ்ச நாள் தள்ளி இருங்கள், அதைச் சொல்லிவிட்டே தள்ளி இருங்கள். "எனக்கு உன்மேல் கோபமில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு அவர் பேச்சை என்னிடம் எடுக்காதே" என்று கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. இரவில் அவள் போனில் பேசுவது மாடியில் இருக்கட்டும். தேவைப்பட்டால் அறை மாற்றிக் கேளுங்கள். நல்ல காப்பாளர் காரணம் கேட்க மாட்டார். செக்கிங் மேசைத் தோழிகளில் மூத்தவளுக்கு இதுதான் நடந்தது. அவர் இளையவளைத்தான் விரும்பினார். மூத்தவள் அறையை மாற்றிக்கொண்டாள், ஆனால் வேனில் இருக்கையை மாற்றவில்லை. முதலில் சாப்பாடு, வேலை, வீட்டு விஷயம் மட்டும் பேசினார்கள். பழைய நெருக்கம் முழுதாகத் திரும்பவில்லை. ஆனாலும் மூத்தவளின் அப்பாவை ஈரோட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது இரவு முழுக்கக் கூடவே இருந்தது அந்த இளையவள்தான்.

வருத்தம் இருக்கும், அது இயல்பு. ஆனால் வாரக்கணக்கில் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, வேலைக்கு எழ முடியவில்லை, செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால், அது தோழியிடம் பேசித் தீரும் நிலையைத் தாண்டிவிட்டது. 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல உதவி இலவசமாக எந்நேரமும் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம்.

"அவர் எங்கள் இருவரிடமும் தனித்தனியாக ஆசையாகப் பேசுவதுபோல் தெரிகிறது. எப்படி உறுதிசெய்வது?"

முன்பே மனம்விட்டுப் பேசிய தோழிகளுக்கு இது ஒரு மாலையில் தெளிந்துவிடும். பேசாதவர்கள்தான் மாதக்கணக்கில் ஏமாறுகிறார்கள். அவர் உங்களுக்குக் கொடுத்த வாக்கு ஒன்றை அவளிடம் சொல்லுங்கள், அவளும் சொல்லட்டும். போனைப் பிடுங்கிப் பார்க்க வேண்டியதில்லை. முக்கியமான அடையாளம், "நாம் பேசுவதை அவளிடம் சொல்லாதே" என்று இருவரிடமும் அவர் கேட்டிருப்பார். அப்படி இருந்தால் உங்களுக்குள் சண்டை போட எதுவுமே இல்லை.

"ஆத்திரத்தில் அவளுடைய காதல் விஷயத்தை அவள் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். பையன் வேறு சாதி. இப்போது பயமாக இருக்கிறது. என்ன செய்வது?"

பயப்பட வேண்டிய விஷயம்தான். அவளிடம் பேசாமல் இருப்பது, அறையை மாற்றுவது, திட்டுவது எல்லாம் நட்புக்குள் நடக்கும் சண்டை. வீட்டுக்குச் சொல்வதும் மொட்டைக் கடிதாசி போடுவதும் அப்படி இல்லை. அதன் பிறகு நடப்பது உங்கள் கையில் இருக்காது. 2016 மார்ச் மாதம் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தருகே, சாதி கடந்து மணம் செய்துகொண்ட ஓர் இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவிக்கும் வெட்டு விழுந்தது. அது நம் கொங்கு மண்ணில்தான் நடந்தது.

ஆகவே தாமதிக்காதீர்கள். இன்று இரவே அவளைக் கூப்பிட்டு, யாரிடம், என்ன, எப்போது சொன்னீர்கள் என்பதை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். அவள் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அவளுக்கு இப்போது வேண்டியது அந்தத் தகவலும் நேரமும்தான். அண்ணனிடம் போய், "நான் சொன்னது பொய்" என்று மாற்றிப் பேச வேண்டாம். அவர் நம்ப மாட்டார், விசாரணைதான் கூடும். அவளை அவசரமாக ஊருக்கு வரச் சொன்னால், தனியாகப் போவதற்கு முன் யோசிக்கச் சொல்லுங்கள். விடுதிக் காப்பாளரிடமும் சொல்லுங்கள்.

மிரட்டல் வந்தால் பெண்களுக்கான 181ஐ அழைக்கலாம், உடனடி ஆபத்து என்றால் 112. இப்படிப்பட்ட இணையருக்கு உதவ மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் உத்தரவிட்டிருக்கிறது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். அவளுக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை என்றால் 1098ஐ அழையுங்கள். அவள் உங்களைக் கூட வரச் சொன்னால் போங்கள். வேண்டாம் என்றால், காப்பாளரின் எண்ணைக் கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள்.